மஞ்சள் சீட்டில் நிற்கும் ஆயிரம் ஷாஃப்ட்

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் தொழிற்சாலைகள் பம்ப்பின் எல்லா உறுப்புகளையும் தாங்களே செய்வதில்லை. வார்ப்பு ஒரு ஃபவுண்டரியிலிருந்து வரும். ஷாஃப்ட்டை இன்னொரு பட்டறை கடைந்து, கிரைண்டிங் போட்டு அனுப்பும். இப்படி வெளியிலிருந்து வரும் சரக்கு கேட்டைத் தாண்டியதும் நேராக அசெம்பிளிக்குப் போய்விடாது. ஸ்டோர்ஸின் ஓர் ஓரத்தில் அதை இறக்கி வைப்பார்கள். குவாலிட்டி பிரிவிலிருந்து ஒருவர் மைக்ரோமீட்டரும் ஒரு படிவமுமாக வருவார். இன்வர்ட் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் என்பது அந்தப் படிவத்தின் பெயர். அதன் அடியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: ஏற்பு, நிராகரிப்பு, நிறுத்திவைப்பு. ஏற்றால் பச்சைச் சீட்டு ஒட்டுவார்கள், நிராகரித்தால் சிவப்பு, நிறுத்திவைத்தால் மஞ்சள்.

ஒரு சிறு பட்டறைக்காரரின் அந்த மாத வரவு, அந்த மூன்றில் எதில் டிக் விழுகிறது என்பதைப் பொறுத்தது. அப்படியிருந்தும் பல பட்டறைகள் அந்தப் படிவத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. சிவப்பா பச்சையா என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். முடிவு என்ன என்பது அடியில் இருக்கும். அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதோ நடுவில் சிறிய எழுத்தில் இருக்கும் மாதிரி எடுத்த குறிப்பில்தான் இருக்கிறது. ஒரே ஒரு லாட்டை எடுத்துக்கொண்டு இதை முழுதாகப் பார்த்துவிடுவோம்.

ஆயிரம் ஷாஃப்ட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 வீதம் 20 கிரேட். ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். வரைபடம் அதற்குக் கொடுத்திருக்கும் எல்லை 20.002 முதல் 20.015 வரை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஆக, பட்டறைக்குக் கிடைக்கும் இடைவெளி மொத்தம் 13 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 50 மைக்ரானுக்குக் குறையாது என்றால் இது எவ்வளவு ஒடுங்கிய பாதை என்பது விளங்கும். விட்டம் குறைந்தால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டின் மேல் மெல்ல மெல்ல நழுவிச் சுற்றி, அந்த இடத்தைத் தேய்த்துவிடும். கூடினால் உள்வளையம் விரிந்து, குண்டுகள் உருள வேண்டிய இடைவெளி குறுகும். பேரிங் சூடேறி, சத்தம் போட்டு, சீக்கிரம் போய்விடும். தோட்டத்தில் மோட்டார் நின்றுபோன விவசாயிக்குக் காரணம் இந்தச் சில மைக்ரான்தான் என்று தெரிய வழியே இல்லை.

ஆயிரத்தையும் அளக்க முடியாதா? முடியும், நாள் ஆகும். அதைவிட, ஒரே அளவை ஆயிரம் முறை பார்க்கும் கண்ணும் கையும் நடுவில் அசந்துவிடும். முழுச் சோதனையிலும் தப்பு நழுவும். அதனால்தான் மாதிரி எடுக்கிறார்கள். எத்தனை எடுப்பது என்று கேட்டால் நம் ஊர்த் தொழிற்சாலைகள் பலவற்றிலும் வரும் பதில் “பத்து சதவீதம்”. கேட்க நியாயமாக இருக்கும் இந்தப் பழக்கம் உண்மையில் நியாயமற்றது. 60 ஷாஃப்ட் வந்த லாட்டில் 3 கெட்டது இருக்கட்டும், அதாவது 5 சதவீதம். பத்து சதவீதம் என்றால் 6 எடுப்போம். அந்த ஆறில் ஒன்றுகூடக் கெட்டது சிக்காமல் போக 72 சதவீத வாய்ப்பு உண்டு. இப்போது 1,000 ஷாஃப்ட்டில் அதே 5 சதவீதம், 50 கெட்டது. பத்து சதவீதமாக 100 எடுத்தால் ஒன்றுகூடச் சிக்காமல் போகும் வாய்ப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. கெட்ட விகிதம் ஒன்றே; ஆனால் சிறிய லாட் அனுப்பியவர் பெரும்பாலும் தப்பிக்கிறார், பெரிய லாட் அனுப்பியவர் கட்டாயம் மாட்டுகிறார். கண்டுபிடிக்கும் திறன், எடுத்த துண்டுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. லாட்டில் அது எத்தனை சதவீதம் என்பதில் அதிகம் இல்லை.

இந்தக் கணக்கை அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் ஹெரால்டு டாட்ஜ், ஹாரி ரோமிக் என்ற இருவர் 1920-களில் ஒழுங்குபடுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு மலைமலையாகச் சரக்கு வாங்க வேண்டிய நெருக்கடியில் மாதிரி அட்டவணைகள் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தன. 1950-இல் அவை அமெரிக்க ராணுவத் தரமாயின, பிறகு ஐ.எஸ்.ஓ. 2859 என்ற உலகத் தரமாயின. இந்தியாவில் ஐ.எஸ். 2500 என்ற எண்ணில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

நம் லாட்டுக்கு வருவோம். 501 முதல் 1,200 வரை உள்ள லாட்டுக்கு, வழக்கமான சோதனை நிலையில், அட்டவணை சொல்லும் மாதிரி 80. பேரிங் இட விட்டத்துக்குத் தொழிற்சாலையும் பட்டறையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒப்புக்கொண்ட தர எல்லை 1 சதவீதம். அதற்கு அட்டவணை தரும் விதி எளிது: 80-இல் 2 வரை கெட்டது இருந்தால் லாட்டை ஏற்கலாம்; 3 வந்தால் நிராகரிக்க வேண்டும். படிவத்தின் மாதிரிக் குறிப்பில் இந்த நான்கு எண்களும் அளக்கத் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்: லாட் 1,000, மாதிரி 80, ஏற்பு 2, நிராகரிப்பு 3. அளந்து முடித்த பிறகு எழுதினால், வந்த விடைக்கு ஏற்றபடி கேள்வியை மாற்றும் ஆசை யாருக்கும் வரும்.

அடுத்து, அந்த 80 எங்கிருந்து வந்தது? இதையும் எழுத வேண்டும். மேலே இருக்கும் இரண்டு கிரேட்டைப் பிரித்து 40 வீதம் எடுத்தாலும் கணக்கு 80-தான். ஆனால் மீதி 18 கிரேட்டைப் பற்றி அந்த மாதிரிக்கு எதுவும் தெரியாது. அட்டவணையின் கணக்கு முழுவதும், லாட்டில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரியில் வரச் சம வாய்ப்பு இருந்தது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. நம் படிவத்தில் இப்படிக் குறித்திருக்கிறது: கிரேட்டுக்கு 4 வீதம், மேல் அடுக்கு, நடு, அடி மூன்றிலிருந்தும், ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் கிரேட் எண். இந்தக் கிரேட் எண்ணை எழுத அலுப்பாகத்தான் இருக்கும். அதன் பயனைச் சற்று நேரத்தில் பார்க்கலாம்.

வண்டி வந்தது பகல் இரண்டு மணிக்கு. திறந்த டெம்போவில், வெயிலில். இறக்கியதும் அளந்தால் 80-இல் 9 துண்டு 20.015-ஐத் தாண்டி நிற்கிறது. விதிப்படி இது நிராகரிப்பு. ஆனால் அனுபவமுள்ள ஆய்வாளர் அங்கே சிவப்புச் சீட்டை எடுக்கமாட்டார். ஷாஃப்ட்டைத் தொட்டால் சூடு தெரிகிறது. 20 மில்லிமீட்டர் எஃகு, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் கால் மைக்ரானுக்குச் சற்றுக் குறைவாக விரியும். மைக்ரோமீட்டர் அறைச் சூட்டில் இருக்க, ஷாஃப்ட் அதைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால், அளவு 2 மைக்ரானுக்கு மேல் கூட்டிக் காட்டும். மொத்த இடைவெளியே 13 மைக்ரானாக இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

“சார், வெயில்ல வந்த சரக்குங்க. ஆறட்டும்ங்க, அப்புறம் பாருங்க” என்று பட்டறைக்காரர் சொன்னால் அவர் சொல்வது சரி. ஆனால் அவர் நினைப்பதில் பாதிதான் சரி. சூடு, பெரிய துண்டை இன்னும் பெரிதாகக் காட்டியது போலவே, குறைந்த துண்டை நல்லதாகவும் காட்டியிருக்கும். சூட்டோடு 20.003 காட்டிய ஷாஃப்ட் ஆறியதும் 20.001-க்கு இறங்கி எல்லைக்கு வெளியே போகலாம். எனவே தாண்டிய 9-ஐ மட்டும் திரும்ப அளப்பது தவறு. அதே 80-ஐயும் ஆறவைத்து அளக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. நிறுத்திவைப்பில் டிக் போட்டு, பக்கத்தில் இப்படி எழுதுகிறார்: “சரக்கு சூடாக உள்ளது. அதே 80 துண்டும் இரவு முழுவதும் சோதனை அறையில் வைத்து, நாளை காலை 9 மணிக்குக் கம்பேரேட்டரில் மறு அளவு. பொறுப்பு: குவாலிட்டி.” காரணம், செய்யப்போகும் வேலை, செய்பவர், நேரம் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. நிறுத்திவைப்பு என்பது ஒரு கேள்விக்குப் பதில் வரும் வரை எடுக்கும் இடைவேளை. என்ன கேள்வி என்று எழுதாத மஞ்சள் சீட்டு, முடிவெடுக்கத் தயங்கியவர் விட்டுப்போன அடையாளம்தான்.

மறுநாள் காலை கம்பேரேட்டரை ஸ்லிப் கேஜ் வைத்துச் சரிபார்த்து அளக்கிறார்கள். கை மைக்ரோமீட்டரில் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மைக்ரானுக்குச் சண்டை வரும் இடத்தில் அது போதாது. கீழ் எல்லைப் பக்கம் பிரச்சினை இல்லை. மிகக் குறைந்த அளவு 20.004. மேல் பக்கத்தில் ஒன்பதில் ஆறு உள்ளே வந்துவிட்டன. மூன்று இன்னும் வெளியே: 20.016, 20.016, 20.017.

மூன்று. ஏற்பு எண் 2, நிராகரிப்பு எண் 3.

படிவத்தின் மேல் வரும் அழுத்தம் முழுவதும் இந்த இடத்தில்தான் குவியும். ஒரு மைக்ரான்தானே என்பார் பர்ச்சேஸ். லைன் நிற்கிறது என்பார் புரொடக்ஷன். எல்லாரும் சேர்ந்து சொல்லும் வழி ஒன்று உண்டு: “இன்னொரு 80 எடுத்துப் பாருங்க.” கேட்க மிக நியாயமான வேண்டுகோள். ஆனால் இதை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் கணக்கில் இருக்கிறது. 5 சதவீதம் கெட்டது உள்ள லாட் இந்த விதியில் ஒரு முறை தேறும் வாய்ப்பு ஏறக்குறைய 23 சதவீதம். தேறாவிட்டால் இன்னொரு 80 என்று இடம் கொடுத்தால், இரண்டில் ஒரு தடவை தேறும் வாய்ப்பு 41 சதவீதத்துக்கு ஏறுகிறது. மூன்றாவது தடவை கொடுத்தால் பாதியைத் தாண்டிவிடும். திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பது சோதனையைக் கூட்டுவதுபோலத் தோன்றும். உண்மையில் தேறும் வரை குலுக்கல் போடுவது அது. நிறுத்திவைத்தபோது நடந்தது இதுவல்ல. அங்கே மாதிரி மாறவில்லை, அதே 80. மாறியது அளந்த சூழல் மட்டும். இந்த வேறுபாட்டைக் காட்டுவதும் மாதிரிக் குறிப்புதான்.

அந்த 23 சதவீதத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து கெட்டது உள்ள லாட்டுகள் நான்கு வந்தால், ஏறக்குறைய ஒன்று பச்சைச் சீட்டோடு உள்ளே போய்விடும். 3 சதவீதம் கெட்டதென்றால் பாதிக்கு மேல் போய்விடும். 1 சதவீதம் மட்டும் கெட்ட, நல்ல லாட்டும் இருபதில் ஒரு தடவை வீணாகத் திரும்பும். ஆகவே பச்சைச் சீட்டு “எல்லாம் நல்லது” என்று சொல்லவில்லை, சிவப்புச் சீட்டு “எல்லாம் கெட்டது” என்றும் சொல்லவில்லை. ஒரு லாட்டைப் பற்றி இந்தப் படிவம் தரும் உறுதி அவ்வளவுதான். வரிசையாக வரும் லாட்டுகளைப் பற்றி அது தரும் உறுதி அதிகம். தொடர்ந்து வரும் ஐந்து லாட்டுக்குள் இரண்டு திரும்பினால், அதே 80-க்கு ஏற்பு எண்ணை 2-லிருந்து 1 ஆக இறுக்க வேண்டும். இறுக்கிய பின் தொடர்ந்து ஐந்து தேறினால் பழைய நிலைக்குத் தளர்த்தலாம். இது அட்டவணையோடு பிரியாமல் வரும் விதி. இந்த விதியைக் கழித்துவிட்டு அட்டவணையை மட்டும் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்களே அதிகம். பழைய படிவங்களைப் புரட்டிப் பார்த்தால்தான் இந்த விதியைப் பின்பற்ற முடியும் என்பது ஒரு காரணம்.

சிவப்புச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. இப்போது கிரேட் எண்ணின் பயன். 80 அளவுகளையும் கிரேட் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முதல் சில கிரேட்டுகளில் அளவு 20.005-ஐச் சுற்றி. பத்தாவதில் 20.010. கடைசி மூன்றில் 20.013 முதல் 20.017 வரை. தாண்டிய மூன்றும் 18, 19, 20-ஆம் கிரேட்டுகள். பட்டறையில் அரைத்த வரிசையிலேயே கிரேட்டை நிரப்பியிருக்கிறார்கள். கிரைண்டிங் வீல் தேயத் தேய, எடுக்க வேண்டிய உலோகத்தில் கொஞ்சம் மிஞ்சும். ஷாஃப்ட் பெரிதாகிக்கொண்டே போகும். ஆபரேட்டர் இடையில் துண்டை அளந்து மெஷினில் அளவைத் திருத்தவில்லை. ரிப்போர்ட்டில் “ஓவர்சைஸ், 3” என்று மட்டும் எழுதியிருந்தால் பட்டறைக்கு ஒரு வசவுதான் போயிருக்கும். கிரேட் எண்ணோடு அளவுகள் போனதால், எங்கே கோளாறு, எந்த இடைவெளியில் அளந்து திருத்த வேண்டும் என்பது போகிறது.

விட்டம் கூடின ஷாஃப்ட்டுக்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு: திரும்ப அரைத்து அளவுக்குக் கொண்டுவரலாம். குறைந்திருந்தால் பெரும்பாலும் பழைய இரும்புதான். எனவே நிராகரித்த இந்த லாட் குப்பைக்குப் போவதில்லை. பட்டறைக்காரர் ஆயிரத்தையும் ஸ்னாப் கேஜ் போட்டுப் பிரித்து, கூடினதைத் திரும்ப அரைத்து, மறுபடி கொண்டுவரலாம். அப்படி வரும்போது படிவத்தில் “மறு வரவு” என்று எழுதி, பழைய ரிப்போர்ட் எண்ணையும் சேர்க்க வேண்டும். பிரிக்காமல் நான்கு நாள் கழித்து அதே சரக்கைப் புதுச் சலானில் அனுப்புவதும் நடக்கிறது. பழைய எண்ணைக் கேட்கும் ஒரு வரி படிவத்தில் இருந்தால் அது பிடிபடும்.

லைன் உண்மையிலேயே நிற்கிறது, இந்த 1, 2 மைக்ரானோடு ஓட்டியாக வேண்டும் என்றால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. டிசைன் பிரிவு பார்த்து, உள்ளிடைவெளி கூடுதலான பேரிங்கைப் போட்டுக்கொள்ளலாம் என்றோ வேறு விதமாகவோ முடிவு செய்து, இத்தனை எண்ணிக்கைக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். இதற்கு டீவியேஷன் என்று பெயர். ஐ.எஸ்.ஓ. 9001 தரமும் இதைத் தடுக்கவில்லை. குறை என்ன, என்ன சலுகை கொடுத்தது, யார் அதிகாரத்தில் கொடுத்தது என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. மைக்ரோமீட்டர் பிடித்தவர் தாமாக 20.016-ஐ 20.015 என்று எழுதிக்கொள்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அப்படித் திருத்தி எழுதிய எண், வீல் தேய்ந்த கதையையும் சேர்த்து அழித்துவிடும்.

கடைசியாக, மஞ்சள் சீட்டின் இன்னொரு உபயோகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் லாட்டில் நிறுத்திவைப்பு ஓர் இரவு நீடித்தது. வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. சரக்கு இப்போதைக்குத் தேவையில்லை, பணம் கொடுக்கவும் முடை. நிராகரிக்கக் காரணம் இல்லை, ஏற்றால் பில் ஓடத் தொடங்கிவிடும். மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டால் இரண்டும் இல்லை. பட்டறைக்காரர் போனில் கேட்டால் “இன்ஸ்பெக்ஷன்ல இருக்குங்க” என்று பதில் வரும். அவர் இரும்புக் கடைக்குக் கடன், ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம். தரத்துக்காக வைத்த கட்டத்தை வட்டியில்லாக் கடனாக மாற்றும் இந்த வழக்கம் அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டப்படி, சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலேயே சரக்கு ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. கிரேட்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டை வாங்கியவர் தம் ஸ்டோர்ஸுக்குள்ளேயே வைத்திருந்தால் அது உங்களுக்குச் சொன்ன ஆட்சேபம் ஆகாது.

எனவே சரக்கு அனுப்பும் பட்டறைக்காரர்கள் தங்கள் நிறுவனத்தை உத்யம் தளத்தில் பதிந்து வையுங்கள்; சரக்கு இறங்கிய தேதியோடு சலானில் கேட் முத்திரை வாங்குங்கள். லாட் நின்றாலும் திரும்பினாலும் ரிப்போர்ட்டின் நகலைக் கேளுங்கள். அதில் மாதிரி எத்தனை, எந்தக் கிரேட்டிலிருந்து, அளவு என்ன, ஏற்பு எண் என்ன என்று பாருங்கள். நிறுத்திவைத்திருந்தால் எதற்காக, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அந்த வரிகள் காலியாக இருந்தால், 15 நாள் முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள்.